ஏற்காட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிராஸ் கன்ட்ரி: எண்ணிக்கையிலிருந்து ஆரம்பியுங்கள்

கேள்வி: ஏற்காட்டில் ஒரு பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியை நான். ஜனவரி கடைசிச் சனிக்கிழமை 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குக் கிராஸ் கன்ட்ரி நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். சுமார் 180 பேர். எங்கள் மைதானமும், பக்கத்துக் காபி எஸ்டேட் பாதையும் இருக்கின்றன. ரூட் மார்க் பண்ணுவது, ஆள் நிறுத்துவது, தண்ணீர், ஆம்புலன்ஸ் என்று தலை சுற்றுகிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்:

டீச்சர், சேலத்தில் பள்ளி உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மலையிலும் கீழேயும் இந்தப் போட்டிகளை நடத்தியிருக்கிறேன், மற்றவர்கள் நடத்தியதற்கு நடுவராகவும் போயிருக்கிறேன். ரூட், ஆள், தண்ணீர், ஆம்புலன்ஸ் என்று நீங்கள் நான்காகப் பிரித்திருப்பதை நான் ஒன்றாகவே பார்ப்பேன். உள்ளே போன பிள்ளைகள் அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்களா என்று எந்த நிமிடத்தில் கேட்டாலும் உங்களால் சொல்ல முடிய வேண்டும். மைதானத்து ஓட்டத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை, எல்லோரும் கண்ணெதிரே ஓடுகிறார்கள். காபிச் செடிக்குள் புகுந்த பிள்ளை இருபதடி தள்ளி நின்றாலும் தெரியாது. அதனால் எண்ணுவதற்கு வசதியான பாதையை முதலில் போடுங்கள். ஆட்களை எங்கே நிறுத்துவது, தண்ணீரை எங்கே வைப்பது என்பதையெல்லாம் அந்தப் பாதையே சொல்லிவிடும்.

பாதை என்றதும் பலருக்கு எஸ்டேட்டுக்குள் இரண்டரை கிலோமீட்டர் போய்த் திரும்பி வருகிற மாதிரி ஒரே பெரிய சுற்று போடத்தான் தோன்றும். பார்க்க அழகாக இருக்கும், கண்காணிக்க முடியாது. சர்வதேசப் போட்டிகளிலேயே ஒன்றரை முதல் இரண்டு கிலோமீட்டர் சுற்றைத்தான் திரும்பத் திரும்ப ஓட விடுகிறார்கள். உங்களுக்கும் ஒன்றரை கிலோமீட்டர் போதும். மைதானத்தில் ஆரம்பித்து எஸ்டேட் கேட் வழியாக உள்ளே போய், மேட்டில் ஏறி, வேறு பக்கமாக இறங்கி மைதானத்துக்கே வர வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பிள்ளைகள் உங்கள் முன்னால் ஓடிப் போவார்கள், நீங்கள் எண்ணிக்கொள்ளலாம். முடியாத பிள்ளை மைதானத்திலேயே நின்றுகொள்ளலாம். 6 முதல் 8 வரை உள்ளவர்களுக்கு மைதானத்தை ஒரு முறை சுற்றிவிட்டு எஸ்டேட் சுற்று ஒன்று, ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். 9, 10 பிள்ளைகளுக்கும் 11, 12 பெண் பிள்ளைகளுக்கும் எஸ்டேட் சுற்று இரண்டு. 11, 12 பையன்களுக்கு மூன்று, முதலில் ஓடும் மைதானச் சுற்றையும் சேர்த்தால் அது கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர் வந்துவிடும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கான பெரிய போட்டிகளில் ஆண்களுக்கு 6, பெண்களுக்கு 4 கிலோமீட்டர் வைக்கிறார்கள். பள்ளி அளவில், அதுவும் மேடு ஏறுகிற பாதையில், அதை எட்டிப் பிடிக்க வேண்டியதில்லை.

தூரத்தைச் செல்போனில் அளந்து பத்து இருபது மீட்டர் முன்பின் வந்தால் கவலைப்படாதீர்கள். சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் ஜிபிஎஸ் கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும். சைக்கிள் சக்கரத்தில் ஒரு துணியைக் கட்டித் தள்ளிக்கொண்டே சுற்றுகளை எண்ணுவது பழைய வழி, இன்னும் நம்பகமானது. ஆனால் அகலத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். முதல் முந்நூறு மீட்டராவது அகலமாக இருக்க வேண்டும். முப்பது பேர் ஒரே வேகத்தில் ஓடி வந்து ஒற்றையடிப் பாதையில் நுழைந்தால் அங்கேதான் தள்ளுமுள்ளும் கால் சுளுக்கும். மைதானத்தை ஒரு முறை சுற்ற வைத்துவிட்டுக் கேட்டுக்குள் அனுப்பச் சொல்வது அதற்காகத்தான். அந்தச் சுற்றிலேயே கூட்டம் நீண்டு வரிசையாகிவிடும். தார் ரோட்டைக் குறுக்கே கடக்கிற பாதை வேண்டவே வேண்டாம். சனிக்கிழமை ஏற்காட்டு ரோட்டில் சுற்றுலா வண்டிகள் எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்து அனுமதி. எஸ்டேட் முதலாளி அல்லது மேனேஜரிடம் எழுத்தில் வாங்குங்கள். பாதையில் ஒரு துண்டு காப்புக்காடாக இருந்தால் வனத்துறையைக் கேட்காமல் காலை வைக்காதீர்கள். அந்தத் துண்டைத் தவிர்த்துவிடுவது இன்னும் சுலபம். ஜனவரியில் காபிப் பழம் பறிப்பு முழுசாக முடிந்திருக்காது. அன்றைக்கு எந்தப் பகுதியில் பறிக்கிறார்கள், ஜீப் எந்த வழியாகப் போகும், மருந்து அடிக்கிற வேலை இருக்கிறதா என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். மேனேஜரைவிட அவருக்குத்தான் சரியாகத் தெரியும். காட்டெருமை நடமாட்டத்தை வாட்ச்மேனிடம் விசாரியுங்கள். போட்டிக்கு ஒரு வாரம் முன்னால், ஓட்டம் நடக்கப் போகிற அதே நேரத்தில் ஒரு முறை நடந்து பாருங்கள். மரத்தில் தேன்கூடு, பாறை இடுக்கில் குளவி, இடுப்பு உயரத்தில் தொங்கும் முள்கம்பி இவையெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். கூடு இருந்தால் புகை போட்டுக் கலைக்கிற வேலை வேண்டாம், பாதையை மாற்றுங்கள்.

இப்போது மார்க் பண்ணுவது. மைதானத்தில் கோடு போடும் சுண்ணாம்புத் தூளை அப்படியே எடுத்துக்கொண்டு போவார்கள். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் வெறுங்காலில் ஓடுவார்கள். பனி ஈரத்தில் சுண்ணாம்பு காலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் இன்னும் மோசம். கோலமாவு வாங்கிக்கொள்ளுங்கள். சிவப்பு வெள்ளை எச்சரிக்கை டேப், சிவப்புத் துணியிலும் வெள்ளைத் துணியிலும் வெட்டிய சிறு கொடிகள், சணல் கயிறு இவ்வளவுதான் தேவை. ஓடும் திசையில் இடப்பக்கம் சிவப்புக் கொடி, வலப்பக்கம் வெள்ளைக் கொடி என்பது இந்த விளையாட்டில் பழைய வழக்கம். அதை வைத்துக்கொண்டால் பிள்ளைகளிடம் ஒரே வரியில் சொல்லிவிடலாம், சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் ஓடுங்கள் என்று. கொடியைப் பெரியவர் கண் உயரத்தில் கட்டாதீர்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை மேட்டில் ஏறும்போது தலையைக் குனிந்துகொண்டுதான் வரும், அதன் மார்பு உயரம் போதும். மிளகுக் கொடி படர்ந்த மரத்தில் சிவப்புத் துணி இலைக்குள் மறைந்துவிடும், அங்கே தனிக் கம்பு நட்டுக் கட்டுங்கள்.

நேர்ப்பாதையில் குறி குறைவாக இருந்தாலும் பாதகமில்லை, முழுக் கவனமும் பாதை பிரியும் இடங்களில் இருக்கட்டும். ஒவ்வொரு பிரிவிலும் மூன்று குறிகள் வேண்டும். பத்து மீட்டர் முன்னால் தரையில் ஒரு அம்பு, திரும்பும் இடத்தில் ஒரு கொடி, திரும்பி இருபது மீட்டர் போனதும் சரியான வழிதான் என்று காட்டும் இன்னொரு கொடி. அப்புறம், போகக் கூடாத பாதையின் குறுக்கே டேப் கட்டி அடைத்துவிடுங்கள். களைத்த பிள்ளை அம்பைப் படிக்காது, திறந்திருக்கிற வழியில் போகும். கீழே இறங்குகிற வழி திறந்திருந்தால் கேட்கவே வேண்டாம். டேப்பையும் கொடியையும் வெள்ளி மாலையே கட்டிவிடலாம். கோலமாவை மட்டும் காலையில் போடுங்கள், இரவுப் பனியில் அது கரைந்து மங்கிவிடும். மார்க் பண்ணி முடித்ததும், பாதையைப் பார்த்தே இராத ஒருவரைத் தனியாக ஓடிவரச் சொல்லுங்கள். பழைய மாணவர் யாராவது கிடைப்பார். அவர் எங்கே ஒரு நொடி நின்று யோசித்தார் என்று கேட்டு, அங்கே இன்னொரு கொடி நடுங்கள். குறி போட்டவரே சரிபார்த்தால் தவறு தெரியாது, அவருக்கு வழி மனப்பாடம்.

ஆட்களை நிறுத்துவதற்கு இத்தனை மீட்டருக்கு ஒருவர் என்று கணக்கு எதுவும் கிடையாது. எனக்குப் பழக்கமான அளவுகோல் இதுதான்: ஒரு மார்ஷலின் பார்வையிலிருந்து மறைகிற பிள்ளை, அடுத்த மார்ஷலின் விசில் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நீங்கள் சொல்வது போன்ற எஸ்டேட் பாதையில் ஒன்றரை கிலோமீட்டருக்கு எட்டு இடம் வரும் என்று நினைக்கிறேன், நடந்து பார்த்தால் ஆறும் ஆகலாம், பத்தும் ஆகலாம். கேட், ஒவ்வொரு பிரிவு, செங்குத்தான இறக்கம், மேட்டின் உச்சி இவற்றை விடக் கூடாது. இடத்துக்கு இரண்டு பேர், ஒருவர் கட்டாயம் பெரியவர். யாராவது விழுந்தால் ஒருவர் பிள்ளையோடு இருக்க, இன்னொருவர் போய்ச் சொல்வார். எட்டு இடத்துக்குப் பதினாறு பேர், மைதானத்தில் பத்துப் பேர், ஆக இருபத்தாறு. உங்கள் ஆசிரியர்களோடு பெற்றோரையும் பழைய மாணவர்களையும் சேர்த்தால் திரட்டிவிடலாம். எஸ்டேட்டுக்குள் எல்லா இடத்திலும் சிக்னல் கிடைக்காது. அங்கே நிற்கப் போகிறவர் தன் சொந்த போனிலிருந்து முந்தின நாளே ஒரு கால் பேசிப் பார்க்கட்டும். எடுக்காத இடத்துக்கு விசில்தான். மூன்று முறை விட்டுவிட்டு ஊதினால் உதவி வேண்டும் என்று பொருள், அதைக் கேட்கும் அடுத்த மார்ஷலும் அப்படியே ஊத வேண்டும்.

ஒரு பள்ளிப் போட்டியில் நடுவராகப் போயிருந்தபோது பார்த்ததைச் சொல்கிறேன். காபி உலர்த்தும் களத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரிவு. பதினோராம் வகுப்புப் பையன் ஒருவனைத் தனியாக நிறுத்தியிருந்தார்கள். முன்னணியில் ஓடியவர்கள் கடந்து போனதும், அவன் வகுப்பு நண்பன் ஜெயிக்கப் போகிறான் என்று ஃபினிஷைப் பார்க்க ஓடி வந்துவிட்டான். குறுக்கே கட்டியிருந்த டேப்பை யாரோ ஜீப்புக்காக அவிழ்த்துவிட்டிருந்தார்கள். கடைசியாக வந்த நான்கு பெண் பிள்ளைகள் ஜீப் ரோட்டில் இறங்கிப் போய்விட்டார்கள். தொழிலாளர் லைன் வீடுகள் வரைக்கும் போய், அங்கிருந்த ஒரு அம்மா கூட்டிக்கொண்டு வந்து விட்டபோது பரிசளிப்பே ஆரம்பித்திருந்தது. அவர்கள் வரவில்லை என்று அதுவரை யாருக்கும் தெரியாது, அதுதான் என்னை உலுக்கியது. பையனைத் திட்டிப் பயனில்லை, எப்போது கிளம்பலாம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

இதற்கு மருந்து கடைசி ஆள். ஒவ்வொரு ஓட்டத்திலும் பளிச்சென்ற சட்டை போட்ட ஒருவர் கடைசிப் பிள்ளைக்குப் பின்னால் வர வேண்டும், எக்காரணம் கொண்டும் முந்தக் கூடாது. அவர் வந்து, "இந்த ஓட்டம் முடிந்தது" என்று வாயால் சொன்ன பிறகுதான் மார்ஷல் உட்காரலாம். எல்லா ஓட்டமும் முடிந்து அவர் கடைசியாக வரும்போதுதான் இடத்தை விட்டுக் கிளம்பலாம். இரண்டு மூன்று சுற்று ஓட்டங்களில் முன்னால் ஓடுபவர்கள் இவரைத் தாண்டிப் போவார்கள், அது பரவாயில்லை. மாறி மாறி ஓட இரண்டு பேரை வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கையை எப்படி வைப்பது என்று உங்கள் கணக்கிலேயே காட்டுகிறேன். 180 பேரை ஆறு ஓட்டமாகப் பிரித்தால் ஓட்டத்துக்கு முப்பது பேர். 6 முதல் 8 வரை பெண்களுக்குச் செஸ்ட் நம்பர் 101 முதல், பையன்களுக்கு 201 முதல் என்று ஓட்டத்துக்கு ஒரு நூறு கொடுத்துவிடுங்கள். பெயர் கொடுத்தவர்களின் எண்ணிக்கையை நம்பாதீர்கள், கோட்டில் நிற்பவர்களை எண்ணுங்கள். 30 பேர் கொடுத்து 28 பேர் நிற்கலாம், அந்த 28தான் உங்கள் எண். கேட்டுக்குள் நுழையும்போது அங்குள்ள மார்ஷல் தனியாக எண்ணட்டும், அவருக்கும் 28 வர வேண்டும். முடிவில் கயிறு கட்டி ஒருவர் பின் ஒருவராக வரும் குறுகலான வழி போடுங்கள். அதன் வாயில் நிற்பவர், 1, 2, 3 என்று எண் எழுதிய ஐஸ் குச்சியை வருகிற வரிசையில் கையில் கொடுப்பார். மேஜையில் குச்சியையும் செஸ்ட் நம்பரையும் சேர்த்து எழுதிக்கொண்டால் இடத்தைப் பற்றிச் சண்டையே வராது. கடைசிக் குச்சி 26 என்றால் இரண்டு பேர் பாக்கி. ஒருத்தி சுற்று முடிந்ததும் நின்றுவிட்டாள், அவள் நம்பரைக் கழற்றி மேஜையில் கொடுத்திருக்கிறாள். இன்னொருத்திக்குக் கால் பிசகி, உச்சியில் இருக்கும் மார்ஷல் நம்பரைச் சொல்லி அனுப்பியிருக்கிறார். 26, 1, 1, கூட்டினால் 28. சரி, அடுத்த ஓட்டத்தைக் கூப்பிடலாம். 27 வந்தால் கூப்பிடக் கூடாது. தலைமையாசிரியரோ தலைமை விருந்தினரோ அவசரப்படுத்தினாலும் கூடாது. நடுவில் நின்ற பிள்ளை மேஜைக்கு வராமல் நேராக வகுப்புக்கோ வீட்டுக்கோ போய்விடுவதுதான் வழக்கமான குளறுபடி. நம்பரை ஒப்படைக்காமல் போகக் கூடாது என்று காலையில் இரண்டு முறை சொல்லிவிடுங்கள்.

ஆறு ஓட்டத்துக்கும் எண்ணிக்கை சரிபார்ப்பையும் சேர்த்து மூன்றரை மணி நேரம் ஆகும். எட்டு மணிக்கு ஆரம்பித்தால் பதினொன்றரை. ஜனவரி காலையில் மலையில் மூடுபனி இருக்கும், அதனால் 11, 12 பிள்ளைகளை முதலில் விடுங்கள், சின்னப் பிள்ளைகளைக் கடைசியில். பனி விலகிய பிறகு அவர்கள் ஓடட்டும். ஒவ்வொரு மார்ஷலும் தன் இடத்தில் நின்று பார்க்கும்போது அடுத்த கொடி தெரியவில்லை என்றால் ஆரம்பிக்க வேண்டாம், காத்திருங்கள்.

தண்ணீர் விஷயத்தில் பலர் அதிகம் செய்து சிக்கலாக்குகிறார்கள். ஏற்காட்டுக் குளிரில் இரண்டு முதல் ஐந்து கிலோமீட்டருக்கு வழியில் தண்ணீர் தேவைப்படாது. ஒற்றையடிப் பாதையில் மேஜை போட்டால் அங்கே நெரிசல்தான் மிஞ்சும். ஆரம்பிக்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் வைத்தால் போதும். சுற்றுகளுக்கு நடுவில் பிள்ளைகள் மைதானம் வழியாகத்தானே வருகிறார்கள், கேட்பவர் அங்கே குடிக்கட்டும். ஆளுக்கு அரை லிட்டர் என்றால் 90 லிட்டர், இருபது லிட்டர் கேன் ஐந்து. காலைக் கழுவவும் முகம் துடைக்கவும் இன்னும் இரண்டு சேர்த்து ஏழு சொல்லிவிடுங்கள். உச்சியில் இருக்கும் மார்ஷலிடம் மட்டும் ஒரு கேன், நாலைந்து டம்ளர், ஒரு போர்வை இருக்கட்டும், அது விழுந்த பிள்ளைக்கு. இதே போட்டியைக் கீழே சேலத்தில் நடத்தினால் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே ஆறரைக்கு ஆரம்பித்து எட்டரைக்குள் முடிக்க வேண்டும், ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீரும் நனைத்த துணியும் வேண்டும்.

பாதுகாப்பில் நான் டாக்டர் இல்லை என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள், மருந்து பற்றிய முடிவுகள் அவர்களுடையது. ஆனால் உறுதியாகச் சொல்லக் கூடியவை சில உண்டு. 108 அவசரத்துக்கு அழைப்பதற்கான வண்டி, அது உங்கள் மைதானத்தில் காலை முழுக்க நிற்கும் என்று திட்டம் போடாதீர்கள். ஏற்காடு அரசு மருத்துவமனைக்கு முன்கூட்டியே கடிதம் கொடுத்து, ஒரு நர்ஸாவது வர முடியுமா, பாம்புக்கடி மருந்து அங்கேயே இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள். பெரிய சிகிச்சைக்கு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போக வேண்டும். அதனால் டிரைவரோடு ஒரு வண்டி கேட்டுக்குப் பக்கத்தில் தயாராக நிற்கட்டும். அந்த டிரைவருக்கு வேறு வேலை எதுவும் கொடுக்காதீர்கள், சாப்பாடு வாங்க அனுப்பவும் கூடாது. எஸ்டேட்டுக்குள் வண்டி எதுவரை வரும், அதற்கு மேல் ஸ்ட்ரெச்சரில் எந்த வழியாகத் தூக்கி வருவது என்று வெள்ளிக்கிழமையே ஒரு முறை செய்து பாருங்கள்.

அன்றைக்கு அதிகம் வரப்போவது சுளுக்கும் முட்டிச் சிராய்ப்பும்தான். உண்மையில் பயப்பட வேண்டியது மூச்சிரைப்பு. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குக் குளிர் காற்றும் மேடும் சேர்ந்தால் இழுப்பு வரலாம். பெற்றோரிடம் வாங்கும் ஒப்புதல் படிவத்திலேயே ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, தேனீக் கடி ஒவ்வாமை உண்டா என்று கேளுங்கள். 'ஆம்' என்று எழுதியிருந்தால் ஓடலாமா என்பதை அவர்கள் டாக்டர் எழுத்தில் சொல்லட்டும். இன்ஹேலர் பையில் இருந்து பயனில்லை, அந்தப் பிள்ளையின் கையிலோ கடைசி ஆளிடமோ இருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளின் செஸ்ட் நம்பரில் ஒரு நீலப் பொட்டு வையுங்கள், மார்ஷல்களுக்கு அதன் அர்த்தம் தெரிந்தால் போதும்.

வெயிலால் வருகிற ஆபத்து மலையில் குறைவு, இல்லை என்று சொல்ல மாட்டேன். தள்ளாடுகிறான், பேச்சு குழறுகிறது, நீ எந்த வகுப்பு என்றால் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறான், உடம்பு கொதிக்கிறது என்றால் அது சாதாரணக் களைப்பு இல்லை. ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும், மற்றவர்கள் அந்த நிமிடமே குளிர்விக்க ஆரம்பியுங்கள். பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீரும் ஐஸும் போட்டுக் கழுத்து வரை உட்கார வைத்து, தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தொட்டி இல்லை என்றால் ஈரத் துணியை மாற்றி மாற்றிப் போர்த்தித் தண்ணீர் ஊற்றுங்கள். முதலில் குளிர்விப்பது, அப்புறம்தான் வண்டியில் ஏற்றுவது. நினைவு சரியில்லாதவன் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். அசையாமல் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு போங்கள்.

இப்போதைக்கு முதல் வேலை, இந்த வாரத்திலேயே மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு அந்தப் பாதையை ஒரு முறை நடப்பது. நடக்கும்போது எத்தனை பிரிவு, எங்கே சிக்னல் இல்லை என்று ஒரு தாளில் படமாக வரைந்துகொள்ளுங்கள். அந்தப் படத்தை இங்கே போட்டால் யாரை எங்கே நிறுத்தலாம் என்று சேர்ந்தே பார்க்கலாம். போட்டி முடிந்த அன்றே டேப், சணல், கொடி எல்லாவற்றையும் அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். மாடு டேப்பைத் தின்றுவிட்டால் அடுத்த வருடம் எஸ்டேட் கேட் திறக்காது.